கட்டைவிரல் மறைத்த எண்

ஜெயபாரதிக்கு நாற்பத்தொரு வயது. திருப்பூரில் வெளிநாட்டுப் பணம் மாற்றித் தரும் கடையில் கவுன்டரில் இருக்கிறாள். அதே கடையில் பெருக்கித் துடைத்து டீ வாங்கி வருகிறவள் நான். ஜெயபாரதி இங்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்த்தாள். துணி வாங்குகிற பையர் கொடுத்த துண்டுத் துணியையும் சாயம் போட்ட துணியையும் விளக்குப் பெட்டிக்குள் வைத்து ஒரே நிறமா என்று சொல்ல வேண்டும். இருமல் வந்து அதை விட்டுவிட்டாள். கண் மட்டும் அப்படியே இருக்கிறது.

போன மாதம் ஒரு காலை மருதாள் என்கிற பெண் உள்ளே வந்தாள். பனியன் கம்பெனியில் கட்டிங் பகுதியில் வேலை. இடது கையில் கட்டு. துணி அறுக்கும் மிஷின் ஆள்காட்டி விரலைப் பாதியில் எடுத்துவிட்டதாம். கட்டிலிருந்து மருந்தும் சீழும் கலந்த வாடை வந்தது. முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"ஏனுங்க, இந்த நோட்டு நம்மூருக் காசுல எவ்வளவுங்க வரும்?" என்று போனை நீட்டினாள். "காண்ட்ராக்டர் சீனிச்சாமி அஞ்சு லட்சம்னு சொல்றாருங்க. இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டா நோட்டு எனக்காம்."

பேப்பரை ஜெயபாரதி வாங்கிப் படித்தாள். வீட்டில் கிரைண்டரில் மாட்டி விரல் போனது, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை, ஈ.எஸ்.ஐ. இன்சூரன்ஸில் எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தது. சாயங்காலத்துக்குள் கையெழுத்து வேண்டுமாம்.

படத்தில் நீல நோட்டு ஒன்று. அதன் கீழே, இடது ஓரங்கள் நேராக இருக்கும்படி, நம்மூர் ஐநூறு ரூபாய், அதுபோல இதுவும் காசுதான் என்று காட்டவோ என்னவோ. எண் அச்சடித்த இடத்தையெல்லாம் சீனிச்சாமியின் விரல்கள் மறைத்திருந்தன. மோதிரம் போட்ட கட்டைவிரல், நகத்தில் அழுக்கு. விரலைத் தாண்டி நாலு சைபர் மட்டும் வால்போலத் தெரிந்தது. எழுத்து வாட்ஸ்அப்பில் மங்கியிருந்தது.

"வியட்நாம் நோட்டுங்க," என்றாள் ஜெயபாரதி. "இந்தத் தாடிக்காரர் பெரிய நோட்டு எல்லாத்துலயும் இருப்பாரு. அஞ்சு லட்சம்னு போட்டதும் நீலம், இருபதாயிரம்னு போட்டதும் நீலம். அங்க போயிட்டு வர்றவங்களே ஒண்ணுக்கு இன்னொண்ண மாத்திக் குடுத்து ஏமாந்துருவாங்க."

"நீலத்துல ஷேடு தெரியுமுங்களே உங்களுக்கு?" என்றேன் நான்.

"டியூப்லைட்டுல எடுத்த போட்டோவுல ஷேடு பாக்கக் கூடாதக்கா. நம்ம ஐநூறைப் பாருங்க. கல்லுச் சாம்பல் நிறம், இதுல நீலமா அடிக்குது. அப்ப அந்த நீலத்தை எப்படி நம்புறது?"

அவள் ஸ்கேலை எடுத்துப் போன் திரையில் வைத்தாள். வியட்நாமில் இருபதாயிரம் முதல் எல்லா நோட்டும் ஒரே உயரமாம், நீளம்தான் மதிப்புக்கு ஏற்ப மாறுமாம். அஞ்சு லட்சம் நம் ஐநூறைவிடத் துளி நீளம். படத்தில் இருந்ததோ அந்த ஐநூறைவிடக் குட்டை, நிஜ அளவில் ஒரு விரல் அகலம்.

"இன்னொண்ணு. இது பிளாஸ்டிக் நோட்டு. அஞ்சு லட்சத்துல பெரிய கண்ணாடி ஜன்னல் ஒண்ணு, சின்னது ஒண்ணு இருக்கோணும். இதுல சின்னதக் காணோம். இருபதாயிரந்தாங்க. நல்ல நோட்டா, கள்ள நோட்டாங்கிறதக் கையில வாங்கிச் சாய்ச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

"இருபதாயிரம்னா?"

"எழுபது ரூபாகூட வராதுங்க. நெசமான அஞ்சு லட்ச நோட்டுக்கே ரெண்டாயிரம் தேறாது."

மருதாள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தாள். ஒரு பெண்ணின் விரலுக்கு விலை வைத்தவன், தன் விரலால் எண்ணை மறைத்துப் படம் எடுத்திருக்கிறானே!

மருதாளே சீனிச்சாமிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "ஏனுங், நோட்டுல இருக்கிற விரல எடுத்துட்டு இன்னொரு போட்டோ அனுப்புங்."

"எவ சொல்லிக் குடுத்தா?" என்றான் சீனிச்சாமி. அப்புறம் சிரித்தான். "சரி புள்ள, அஞ்சாயிரம் கையில தர்றேன். விரலு என்ன, மறுக்கா மொளைக்கவா போகுது? கையெழுத்தப் போடு." சொல்லிவிட்டுக் காறித் துப்பிய சத்தம் கவுன்டர் வரைக்கும் கேட்டது.

"எங்கூட்டுல கிரைண்டரே இல்லீங்," என்றாள் மருதாள். "கம்பெனி மிஷின்ல போச்சுன்னு ஈ.எஸ்.ஐ. ஆபீசுல எழுதிக் குடுக்கப் போறனுங்." வைத்துவிட்டாள்.

கோயிலில் எல்லாருக்காகவும் வேண்டி விளக்குப் போடுகிறவள் நான். அன்றைக்கு சீனிச்சாமிக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

ஜெயபாரதி அந்தப் படத்தைப் பிரின்டும் அவன் பேப்பரை ஜெராக்ஸும் எடுத்துக் கொடுத்தாள். "பேப்பர்ல உங்க கையெழுத்து எங்கியும் இல்லீல்ல? அப்படியே கொண்டு போங்க, போன்ல இருக்கிற படத்த அழிக்காதீங்க." நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மருதாளின் நல்ல கையைப் பிடித்து பஸ் ஏற்றி ஈ.எஸ்.ஐ. ஆபீசுக்குக் கூட்டிப் போனேன்.