எடுத்த டிடியும் திருப்பிய டிடியும்

எனக்கு வாய் ஜாஸ்தி என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். காய்கறிக்காரரிலிருந்து கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. ஆனால் அந்த வாய் வீட்டு வாசலோடு சரி. உள்ளே வந்தால் என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துத்தான் மூச்சே விடுவேன். அடிப்பவர் இல்லை, திட்டுபவரும் இல்லை. பேசாமல் இருந்துவிடுவார். அதைவிட அடித்துத் தொலைக்கலாம்.

கடலூர் முதுநகரில் அவர் கிரில், கேட் செய்யும் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். இரும்பு வாங்கும் கடைக்குச் செக் கொடுப்பார். ஒரு முறை கணக்கில் பணம் போதாமல் அவர் செக் ரிட்டர்ன் ஆகிவிட்டது. கடைக்காரர் நாலு பேர் முன்னால் அதை நீட்டிக் காட்டியிருக்கிறார். அந்த வாரம் முழுவதும் வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. தட்டில் சோறு வைத்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். அன்றிலிருந்து செக் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம்தான்.

எங்கள் இருவர் பேரிலும் ஒரே கணக்கு, மஞ்சக்குப்பத்தில் ஒரு வங்கியில். யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டு எடுக்கலாம். டியூஷன் சொல்லிக்கொடுத்து வந்த பணத்தை நானும் அதில்தான் போட்டேன். பி.எட். படிக்க வேண்டும், ஒரு பள்ளிக்கூடத்தில் நிரந்தரமாக நிற்க வேண்டும் என்பது என் ஆசை. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. கடைசி நாளைக்குள் கட்டணத்தை டிடியாகத்தான், அதாவது வங்கி டிராஃப்டாகத்தான், கட்ட வேண்டும். அவரிடம் சொன்னபோது, "பாக்கலாம்" என்றார். சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. அதற்குமேல் கேட்கத் தைரியம் வரவில்லை.

கடைசி நாளுக்கு முந்தின நாள் வங்கிக்குப் போய் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, சிதம்பரத்தில் மாற்றும்படி டிடி எடுத்தேன். அப்போது என் மண்டையில் ஓடிய கணக்கு இதுதான். செக் கொடுத்தால், வாங்கினவர் வங்கியில் போட்ட பிறகுதானே நம் பணம் போகும்? டிடியும் அப்படித்தான் என்று நினைத்தேன். கல்லூரி அதை வங்கியில் போட எப்படியும் பத்துப் பதினைந்து நாள் ஆகும், அதற்குள் பட்டறைக்கு வரவேண்டிய பணம் வந்துவிடும், மெதுவாக அவரிடம் சொல்லிக்கொள்ளலாம். செக்கிலேயே பழகிய வீட்டுக்காரி வேறு எப்படி நினைப்பாள்? கவுன்டரில் பாஸ்புக்கையும் பதிந்து கொடுத்தார்கள். பிரித்துக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது அவர் சொன்னார். "இரும்புக் கடைக்கு செக் குடுத்துருக்கேன். கணக்குல கை வச்சிடாத."

சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் பட்டறைக்குக் கிளம்பியதும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். பணம் கணக்கில் பத்திரமாக இருக்கிறது என்றுதான் அப்போதும் நினைப்பு.

கல்லூரியில் கட்டணம் கட்ட நீளமான வரிசை. டிடி கசங்காமல் இருக்கட்டும் என்று அதைப் பாஸ்புக்குக்குள் வைக்கப் போனேன். அப்போதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. நேற்றைய தேதியிலேயே பற்றுப் பக்கத்தில் டிடித் தொகை முழுதும் இருந்தது. அதன் கீழே கமிஷன். மிச்சம் நின்ற தொகை, இரும்புக் கடைக்கு அவர் வழக்கமாக எழுதும் செக்குக்குப் பாதிகூடப் பெறாது. வரிசையை விட்டு விலகி நின்றேன். யாரும் எதையும் வங்கியில் போடவில்லை, டிடி என் கையில் இருக்கிறது, பணம் மட்டும் நேற்றே போய்விட்டது. இந்த நேரத்தில் அந்தச் செக் வந்தால்?

வாசலில் ஒரு பெட்டிக்கடை. அதில் ஒரு ரூபாய் போன் இருந்தது. பட்டறை நம்பரைப் பாதி அழுத்தினேன். அவர் எடுத்து "என்ன" என்று கேட்பதும், நான் சொல்வதும், பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் போவதும் அதற்குள்ளேயே என் காதில் கேட்டுவிட்டது. போனை வைத்துவிட்டேன். வரிசைக்குத் திரும்பவும் போகவில்லை. நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

கடலூர் பஸ் புதுச்சத்திரம் பக்கம் ஊர்ந்தது. செக் இந்நேரம் வந்திருக்கும், ரிட்டர்ன் என்று எழுதியிருப்பார்கள் என்றே மனசு அடித்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "ஒடம்பு சரியில்லியா, ஏன் இப்புடி வேர்க்குது?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

வங்கியில் டிடி பார்க்கும் ஆபீசர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நேத்துதானம்மா எடுத்தீங்க?"

"கேன்சல் பண்ணணும் சார். அவசரம்."

"யாருக்கும் குடுக்கலியே? ஒரிஜினல் இருக்குல்ல?"

நீட்டினேன். ரத்து செய்து கணக்கில் வரவு வைக்கும்படி ஒரு கடிதம் எழுதச் சொன்னார். டிடியின் பின்னாலும் கையெழுத்து வாங்கினார். நேற்றைய விண்ணப்பத்தை எடுத்து இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டார். அவசரத்தில் நான் கிறுக்கிய கிறுக்கலில் இரண்டும் வேறு வேறு ஆளுடையது போலத்தான் இருந்திருக்கும். நல்லவேளை, முகம் ஞாபகம் இருந்தது.

"நேத்து புடிச்ச கமிஷன் வராது. கேன்சல் பண்றதுக்குத் தனியா சார்ஜ் உண்டு. மிச்சம் இன்னைக்கே கணக்குல ஏறிடும்."

"பாஸ்புக்ல நேத்து பதிஞ்ச வரி அழிஞ்சிடுமா சார்?"

அவர் சிரித்துவிட்டார். "அது எப்புடிம்மா அழியும்? போனது பற்றுல இருக்கும், வந்தது வரவுல இருக்கும். ரெண்டும் தனித்தனி வரி."

பாஸ்புக்கை அவரிடம் கொடுக்கவே பயமாக இருந்தது. பதியாமலே எடுத்துக்கொண்டு வந்தேன். டிடியின் குறுக்கே ரத்து முத்திரை விழுந்த சத்தம் மட்டும் வீடு வரைக்கும் கூடவே வந்தது. சிதம்பரத்தில் அந்நேரம் கடைசி நாள் வரிசை முடிந்து கவுன்டரை மூடியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவர் செருப்புச் சத்தத்தை வைத்தே செக் பாஸானதா ரிட்டர்னா என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் காலை அவரே வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கைப் பதிந்துகொண்டு வந்து முன்னறையில் உட்கார்ந்தார்.

"இது யாருக்கு எடுத்த டிடி?"

பக்கத்தில் போய் நின்றேன். டிடி போன வரி, கமிஷன், டிடி ரத்தாகித் திரும்பி வந்த வரி, அதற்குப் பிடித்த சார்ஜ். ஆபீசர் சொன்னபடியே எல்லாம் தனித்தனியாக இருந்தன. அதற்குக் கீழே தேடினேன். அந்தச் செக் இல்லை. மேலேயும் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பக்கத்தைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த செக்க மாசக் கடைசி வரைக்கும் போட வேணாம்னு குடுக்கும்போதே சொல்லிட்டேன். இன்னும் அவுங்க கல்லாவுலதான் கெடக்குது" என்றார். "ஒரு போன் பண்ணிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சு."

"செக்குக்கா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நிமிஷம் வரை நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

"உங்களுக்கு" என்றேன்.

அவர் பாஸ்புக்கை மூடி அலமாரியில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். அன்று மதியம் சாப்பிட வரவில்லை.