கண்ணுக்கு நேரான தட்டு

பாக்கியவதி டீச்சர் முப்பத்தொரு வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவர். பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு அவர் தலையில் குட்டி ஏற்றியதுதான். ஓய்வு பெற்றதும் வீட்டின் பின்பக்கத்தில் அரைக்கும் எந்திரம் போட்டு, மேலப்பாளையத்துச் சபீதாவை வேலைக்கு வைத்து, இட்லிப்பொடி அடைத்து விற்க ஆரம்பித்தார். பாக்கெட்டின் முன்பக்கம் அவர் படம், கண்ணாடியும் முறைப்புமாக. படத்தைப் பார்த்தால் வீட்டுப்பாடம் முடிக்காத நினைப்பு வரும். ஆனால் பூண்டைத் தோலோடு வறுத்து அரைத்த பொடி நல்ல பொடி, அதில் குறை சொல்ல முடியாது.

பொடி போனது முழுக்க நேசையா அண்ணாச்சியின் மளிகைக் கடையில். பாக்கெட் விலை நூறு என்று அச்சடித்திருக்கும், அண்ணாச்சிக்கு எழுபத்தைந்துக்குக் கொடுப்பார். கல்லாவுக்குப் பக்கத்தில், வருகிறவர்களின் கண்ணுக்கு நேரான தட்டை அண்ணாச்சி அதற்கு ஒதுக்கியிருந்தார். உப்பு வாங்க வந்தவர்கள்கூட பொடியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மாதம் இருநூறு பாக்கெட் ஓடியது.

டீச்சருக்கு அந்த இருபத்தைந்து ரூபாய் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"வறுக்கது நாங்க, அரைக்கது நாங்க. எடுத்துக் குடுக்கதுக்கு இருபத்தஞ்சாடே?" என்று சென்னையில் இருக்கும் மகன் ஜெய்சனிடம் போனில் புலம்பினார். வாழ்நாளில் ஒரு தீப்பெட்டி விற்றறியாத ஜெய்சன், "நடுவுல ஆள் எதுக்கும்மா? நேரா வித்துரு" என்று தீர்ப்புச் சொன்னான்.

அன்றைக்கே சபைப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி விழுந்தது: 'கடையில் நூறு, என்னிடம் எண்பது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.' அந்தக் குழுவில்தான் அண்ணாச்சியின் மனைவியும் இருக்கிறார். போன வாரம் அவருடைய முழங்கால் வலிக்காக டீச்சர்தான் உருகி ஜெபித்தார். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆலய வாசல் வேப்பமரத்தடியில் முப்பது பாக்கெட் பறந்தது. டீச்சர் பூரித்துப்போனார். வாங்கிய முப்பது பேரும் ஏற்கெனவே கடையில் அதே பொடியை வாங்கிக்கொண்டிருந்தவர்கள். புதிதாக ஒரு வாய் கூடவில்லை. இந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தப்பாகப் போட்டிருந்தால் டீச்சர் காதைத் திருகியிருப்பார்.

செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி கடையில் மிச்சமிருந்த நாற்பது பாக்கெட்டை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்.

"நீங்களும் வித்துக்கிடுங்க டீச்சர், வேண்டாங்கல. ஆனா கடை வெலைக்கே வித்திருக்கணும். இப்பம் ஆளாளுக்கு வந்து, இருவது ரூவா கொள்ளையடிக்கீயளான்னு என்னையக் கேக்காவ."

"என் சரக்கு அண்ணாச்சி. என் இஷ்டத்துக்குத்தான் வெல வைப்பேன்."

"தட்டு என்னுது டீச்சர்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி ஹெல்மெட்டை மாட்டினார்.

நேரடி வியாபாரம் அதன் பிறகுதான் முகத்தைக் காட்டியது. சாப்பிட உட்காரும்போது போன் வரும். ஒரே ஒரு பாக்கெட், வீட்டுக்கே வேண்டும், ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். கூரியரில் அனுப்பினால் மிஞ்சுவது டீச்சரின் படம் மட்டும். சபை குருவானவரின் மனைவி ஐயரம்மா இரண்டு பாக்கெட்டை ருசி பார்க்கவே எடுத்துக்கொண்டார். பொடியை நினைத்து மறக்காமல் போன் போடுகிறவர்கள் மாதத்துக்கு நாற்பத்தைந்து பேருக்கு மேல் தேறவில்லை. டீச்சர் சபீதாவிடம், "வேல இருந்தா சொல்லி அனுப்புதேன்" என்றார். மூன்று மாதம் சொல்லி அனுப்பவில்லை. எந்திரத்தின் மேல் துணி காய்ந்தது.

கடைசியில் வெட்கத்தை விட்டுக் கடைக்குப் போனார். கண்ணுக்கு நேரான தட்டில் வேறொரு இட்லிப்பொடி இருந்தது. படம் கிடையாது, கொட்டை எழுத்தில் பெயர் மட்டும். டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பின்பக்கம் தயாரிப்பாளர் முகவரியைப் படித்தார். சபீதா, மேலப்பாளையம்.

"சபீதாவா?"

"ஆமா டீச்சர். சும்மா இருக்கேன்னு வந்து நின்னா. உரிமமும் எடுத்தாச்சு, நல்லாப் போகுது. ஒங்களுதையும் வைக்கலாம். கீழ்த்தட்டுல எடம் இருக்கு."

கீழ்த்தட்டில் எதையாவது எடுக்க முழங்காலிட வேண்டும். டீச்சரின் பக்குவத்தை டீச்சர் கொடுத்த சம்பளத்திலேயே சபீதா படித்துக்கொண்டு போயிருக்கிறாள். ஆனாலும் தோலோடு வறுத்த பூண்டின் வாசம் பாக்கெட்டைத் தாண்டி வந்தது. ஒன்றைக் கையில் எடுத்தார்.

"ஒரே சபைக்காரங்கதான அண்ணாச்சி. எம்பது போட்டுக்கிடுங்களேன்."

"நூறுதான் டீச்சர். சபீதா வீட்டுக்கே போய்க் கேட்டாலும் நூறுதான் சொல்லுவா. அத மொதல்லயே பேசி முடிச்சிட்டோம்."

டீச்சர் பர்ஸைத் திறந்து நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். அதில் அண்ணாச்சிக்கு எவ்வளவு என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.