முதலாளிக்கு இரண்டு வரி

எங்களிடம் சரக்கு வாங்கும் பிரெஞ்சு பையர் நம்மைத் திட்டப் போகிறார் என்றால் முதலில் ஏகத்துக்குப் புகழ்வார். இந்தச் சூட்சுமம் பிரெஞ்சு டிப்ளமா வகுப்பில் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை. தி. நகரில் ஒரு தோல்பை ஏற்றுமதிக் கம்பெனியில், பிரெஞ்சு மெயில்களைச் சுருக்கும் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் விளங்கியது.

சுருக்குவது என்றால் பத்தியைப் பாதியாக்குவது அல்ல. எங்கள் எம்.டி. போனில்தான் படிப்பார், அதுவும் திறக்க மாட்டார். பூட்டிய திரையில் எட்டிப் பார்க்கும் இரண்டு வரியோடு அவருடைய வாசிப்பு முடிந்தது. மூன்றாவது வரி எழுதினால் அது கிணற்றில் போட்ட கல். பிடித்திருந்தால் கட்டை விரல் படம் அனுப்புவார், பிடிக்காவிட்டால் ஒன்றும் அனுப்ப மாட்டார்.

நான் அப்போது கான்ட்ராக்டில் இருந்தேன். ஒரு வருடம் முடிய இன்னும் ஒரு மாதம். என்னைப் பெர்மனென்ட் ஆக்கலாமா வேண்டாமா என்று எழுதித் தர வேண்டியவர் ஜி.எம்., கையெழுத்துப் போட வேண்டியவர் எம்.டி. மேற்கு மாம்பலத்தில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருந்துகொண்டு இதை நினைக்காமல் ஒரு நாளும் தூங்கியதில்லை.

மார்கழி மாதத்து வியாழக்கிழமை அது. பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தால் பிரான்சிலிருந்து ஒரு மெயில் காத்திருந்தது. நாற்பத்திரண்டு வரி. சாம்பிள் பைகள் கிடைத்தன, நன்றி. தையல் நேர்த்தி எங்கள் குழுவினரை மகிழ்வித்தது. உங்கள் ஊரில் மழை என்று கேள்விப்பட்டோம், அனைவரும் நலம் என நம்புகிறோம். ஐயா, விஷயத்துக்கு வாருங்கள்! முப்பதாவது வரியில் வந்தார்கள். ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்ததில் கைப்பிடியின் சாயம் துணியில் ஒட்டுகிறதாம். கப்பலேற்றும் முன் எல்லாக் கைப்பிடிகளையும் உங்கள் செலவில் மாற்றித் தருவதாக வியாழன் பகல் பன்னிரண்டுக்குள் எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால், மிகுந்த வருத்தத்துடன் ஆர்டரை ரத்து செய்யும் நிலைக்கு ஆளாவோமாம். அதற்குக் கீழே, எங்கள் மேன்மையான வணக்கங்களின் வெளிப்பாட்டை ஏற்றருள வேண்டும் என்று ஒரு முழ நீளக் கும்பிடு. கழுத்தில் கத்தி வைத்துவிட்டு மாலையும் போடுகிறார்கள்.

அவர்களுக்குப் பகல் பன்னிரண்டு என்றால் நமக்கு மாலை நாலரை. உடனே அடித்தேன்:

“கைப்பிடிச் சாயம் ஒட்டுகிறது. நம் செலவில் மாற்றுவதாக இன்று 4.30க்குள் எழுதாவிட்டால் ஆர்டர் ரத்து.
‘சரி’ என்று அனுப்புங்கள், பதிலை நான் எழுதுகிறேன்.”

எங்கள் ஆபீசில் ஒரு சம்பிரதாயம் உண்டு. எம்.டி.க்குப் போகும் எதுவும் ஜி.எம். கண்ணில் பட்டுத்தான் போகும். அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று படித்தார். கைப்பிடித் தோலை வாங்கியவரும் அவர்தான் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

“என்னம்மா இது, எடுத்த எடுப்புல இழவு சேதி? சார் இன்னிக்கு மயிலாப்பூர்ல கச்சேரியில இருப்பாரு. மூடைக் கெடுக்காதீங்க. நல்லதை மேல போடுங்க.”

“நல்லதை மேல போட்டா கெட்டதுக்கு இடமில்ல சார்.”

“சின்னதா சொல்லுங்க. இங்க பாருங்க, என் போனே அழகா சுருக்கித் தருது.” அவருடைய போனும் சாம்பிள் பிரமாதம், கைப்பிடி பற்றிச் சில கருத்துகள் என்றுதான் சொன்னது. கெடுவைக் காணோம். மெஷினுக்குக்கூட எங்கள் ஆபீஸ் பழக்கம் வந்துவிட்டது.

கடைசியில் போனது இது:

“சாம்பிள் பார்த்து பையருக்கு மிகவும் சந்தோஷம், தையலைப் பாராட்டியிருக்கிறார்.
கைப்பிடி பற்றி ஒரு சின்ன விஷயம், அப்புறம் பேசலாம்.”

வாசகம் அவருடையது. அனுப்பும் பொத்தானை அழுத்தியது நான். பயந்தாங்கொள்ளி! அரை நிமிடத்தில் கட்டை விரல் வந்தது. “பாத்தீங்களா?” என்று சொல்லிவிட்டு ஜி.எம். தோல்காரரிடம் விலை பேசப் போய்விட்டார்.

மூன்று மணி வரை எம்.டி.க்கு நாலு தடவை போன் செய்தேன், அணைத்து வைத்திருந்தார். ஜி.எம்மும் போனை எடுக்கவில்லை. எந்த சபா என்று ரிசப்ஷனில் கேட்டுக்கொண்டு மூன்றேகாலுக்கு ஆட்டோ பிடித்தேன்.

“இன்னா மேடம், கச்சேரிக்கா? ரோடெல்லாம் தோண்டிப் போட்டுக்கீறான், மயிலாப்பூரு லஸ்ஸு போக முக்காமணி ஆவும்,” என்றார் ஆட்டோக்காரர். சொன்ன சொல் தவறவில்லை. சபா வாசலில் இறங்கும்போது மணி நாலு.

எம்.டி. கேண்டீனில் அடை அவியலோடு இருந்தார். என்னைப் பார்த்ததும் பதறினார். “என்னம்மா, நீ இங்க? ஆபீஸ்ல ஏதாவது ஆயிடுத்தா?”

காலையில் அடித்த என் இரண்டு வரியைப் போனில் எடுத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். வலது கையில் அவியல் என்பதால் தொட முடியவில்லை. தொடாமலே படிக்க முடிந்தது.

“காலம்பற மிகவும் சந்தோஷம்னு இல்ல வந்துது? பக்கத்து சீட்காரர்கிட்டல்லாம் காமிச்சிண்டு இருந்தேனே! யார் எழுதினது அது?”

“அனுப்பினது நான்தான் சார்.”

அவர் அடையை வைத்துவிட்டார். “நான் படிக்கறதே ரெண்டு வரி. அதுலயும் மறைச்சா நான் எதை நம்பறது? இன்னொரு தரம் இப்படி வந்துதோ, பெர்மனென்ட்ங்கற பேச்சே கிடையாது. சரி, மாத்தித் தரோம்னு போடு.”

கை கழுவும் இடத்தில் நின்று, இடிபட்டுக்கொண்டே பிரெஞ்சில் அடித்தேன். ஒப்புக்கொள்கிறோம். எல்லாக் கைப்பிடிகளையும் எங்கள் செலவில் மாற்றித் தருகிறோம். அவ்வளவுதான். நலம் விசாரிக்கவில்லை, கும்பிடு போடவில்லை. நாலு இருபத்திரண்டுக்குப் போயிற்று. அப்பாடா என்று ஒரு காபி வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. முப்பத்தெட்டு வரி. உங்கள் ஒப்புதல் உரிய நேரத்தில் கிட்டியது, நன்றி. ஆர்டர் உறுதி. பண்டிகைக்கு வாழ்த்துகள். முப்பத்தோராவது வரியில் விஷயத்துக்கு வந்தார்கள். நேற்றைய கடிதத்தின் வறட்டுத் தொனி எங்களை வியப்பிலாழ்த்தியது, இனி எங்கள் மொழியின் மரியாதைகளை அறிந்த ஒருவர் எங்களுக்கு எழுதுவாரானால் நன்றியுடையவர்களாவோம். கீழே வழக்கமான மேன்மையான வணக்கங்கள்.

என்னை வேண்டாம் என்று சொல்லும் மெயிலை நானே இரண்டு வரியாக்க வேண்டும். முதலில் நேர்மையாக ஒன்று அடித்தேன். என் எழுத்து பிடிக்கவில்லை, ஆளை மாற்றச் சொல்கிறார்கள் என்று. அதைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அழித்தேன். ஜி.எம். முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கக்கூட இல்லை.

“ஆர்டர் உறுதி, நம் ஒப்புதலுக்கு பையர் நன்றி சொல்லியிருக்கிறார்.
கடித நடை பற்றி ஒரு சின்ன விஷயம், அப்புறம் பேசலாம்.”

கட்டை விரல் வந்தது. அப்புறம் யாரும் பேசவில்லை. அதற்குப் பின் பிரான்சுக்குப் போகும் ஒவ்வொரு மெயிலிலும் பத்து வரி கும்பிடு சேர்த்துவிடுகிறேன்.

அடுத்த மாதம் என்னைப் பெர்மனென்ட் ஆக்கினார்கள். பரிந்துரையை எழுதியவர் ஜி.எம். சுருக்கமாகவும் ஒளிவுமறைவின்றியும் எழுதக்கூடியவர் என்று இரண்டே வரி. படித்துவிட்டு நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.