வேதவல்லி அக்காவின் உப்புவாளி

எங்கள் மா ஆலைக்குத் தானிய லொறி வந்தால் இப்போது யாரும் அவசரப்படுவதில்லை. வேதவல்லி அக்கா வாளியோடு வந்து பார்க்கும்வரை சாரதி கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். இந்த மரியாதை அவருக்குச் சும்மா கிடைக்கவில்லை.

அக்கா கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பதினொரு வருடம் கம்புப் பயிரின் நோய்களைப் பார்த்தவர். மெல்பர்னில் அந்தச் சான்றிதழை யாரும் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. கூட்டுவதும் மூட்டை தைப்பதும்தான் கொடுத்தார்கள், அதுவும் மூன்று மாதப் பரீட்சார்த்த வேலையாக. நான் அந்தோனிப்பிள்ளை, மன்னார்க்காரன், அங்கே மூட்டை அடுக்குபவன். நாங்கள் குடியிருந்த பொயிண்ட் குக்கிலிருந்து என் காரில்தான் இருவரும் போவோம்.

அக்கா மதியத்துக்குக் கம்பங்கூழ் கொண்டுவருவார். கடையில் வாங்கிய கம்பையும் உப்புத் தண்ணீரில் கொட்டி, மிதப்பதை வழித்தெறிந்து, நல்ல தண்ணீரில் கழுவித்தான் காய்ச்சுவாராம். "ஏன் அக்கா, கம்பைக் கடலிலை குளிப்பாட்டுறியள்?" என்று நான் விடாமல் நக்கலடிப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஒருநாள் காரில் விளக்கம் சொன்னார். பூக்கும் காலத்தில் மழை பெய்தால் கதிரில் ஒரு பூஞ்சணம் ஏறும். முதலில் தேன்போல ஒழுகும், பிறகு மணி இருக்கவேண்டிய இடத்தில் கறுத்த கொம்பு முளைக்கும். எர்கொட் என்பார்கள். மணியைவிட இலேசு என்பதால் உப்புத் தண்ணீரில் அது மிதந்துவிடும். கம்பில் வருவதைத் தின்றால் வாந்தியும் தலைசுற்றலும் மயக்கமும். ரை தானியத்தில் வருவது வேறு வகை, அதைவிடக் கொடியது. முற்காலத்து ஐரோப்பாவில் ரை ரொட்டி தின்ற ஏழைகளுக்கு இரத்தக் குழாய் சுருங்கி, விரல்கள் எரிந்து, கரிபோலாகி, இரத்தமே வராமல் கழன்று விழுந்தனவாம். வேறு சிலருக்கு வலிப்பு வந்தது, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. வனத்து அந்தோனியாரின் நெருப்பு என்று அந்த நோய்க்குப் பெயர், அவர் சபைத் துறவிகள்தான் நோயாளிகளைப் பராமரித்தார்கள் என்றார். என் பெயர்கொண்ட புனிதர் என்பதால் அன்று வாயை மூடிக்கொண்டேன்.

2011 பெப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை. அக்காவின் பரீட்சார்த்தக் காலம் முடியும் நாள். நல்ல மழை கண்ட பண்ணையொன்றின் ரை, காலையிலிருந்து அரைபட்டுக்கொண்டிருந்தது. மதியம் பேக்கரிக்காரர் மாவுக்கு வருவார்.

கூட்டிக்கொண்டிருந்த அக்கா சல்லடையடியில் குனிந்து நின்றார். நீண்ட கறுப்புத் துண்டுகள் மேலே தங்கியிருந்தன. மேற்பார்வையாளர் கொலின் அது எலிப்புழுக்கை, சல்லடை பிடித்துவிட்டது என்றார். முழுசைத்தான் பிடித்திருக்கிறது, உடைந்த துண்டுகள் மணியளவில் இருப்பதால் தானியத்தோடேயே போகின்றன என்று அக்கா சொன்னார். சுட்டாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது என்றும் சொன்னார். துடைப்பத்தை எடு என்று கொலின் திரும்பிவிட்டார்.

அக்கா நேரே போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். ஆலை முழுவதும் அடங்கிப்போனது.

கொலின் முகம் சிவந்து, வீட்டுக்குப் போ என்றார். அரைமணி நேரம் மட்டும் தாருங்கள், எலிப்புழுக்கை என்றால் நானே போகிறேன் என்று அக்கா கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தோனி, உப்பு எடுத்துட்டு வாங்க. பத்து லிட்டருக்கு ரெண்டு கிலோ."

ரொட்டி மாக்கலவைக்கு வைத்திருந்த உப்பை நான் ஓடிப்போய்த் தூக்கிவந்தேன். ஏன் ஓடினேன் என்று எனக்கே தெரியாது.

சல்லடை தாண்டிய தானியத்தில் ஒரு கிலோ நிறுத்தெடுத்து, உப்பைக் கரைத்த வாளித் தண்ணீரில் கொட்டினார். நல்ல மணிகள் அடியில் அமர்ந்தன. உமியோடு கறுப்புத் துண்டுகள் மேலே வந்து நின்றன. ஒன்றை எடுத்து நகத்தால் முறித்துக் காட்டினார். வெளியே கறுப்பு, உள்ளே வெளிறிய சாம்பல் நிறம். மிதந்ததில் உமியை நீக்கி, கடுதாசியில் ஒற்றித் தராசில் வைத்தார். இரண்டு கிராமுக்கு மேல். சட்டம் விடுவது கிலோவுக்கு அரைக் கிராம்.

கொலின் தராசை இருமுறை பார்த்தார். பிறகு தானே போய் பேக்கரிக்காரருக்கு அழைத்து, மா இல்லை என்றார். அடுக்கி வைத்திருந்த மா மூட்டைகளை நான்தான் திரும்ப இறக்கினேன். முதுகு முறிந்தாலும் மனசு துள்ளியது. வெளி ஆய்வுகூடத்தின் முடிவு அடுத்த வாரம் வந்தது. அக்கா சொன்னதேதான். பண்ணைக்கு லோடு திரும்பியது, அக்காவுக்கு நிரந்தர வேலை வந்தது: தானியம் ஏற்கும் பரிசோதகர். அவரை நக்கலடித்ததை நினைத்து வெட்கப்பட்டேன். இப்போது என் வீட்டுக் குசினியிலும் கம்பு உப்புத் தண்ணீரில்தான் விழுகிறது.

வாளியில் கறுப்பு எதுவும் மிதக்காவிட்டால் அக்கா என்னைப் பார்த்து, "இறக்குங்க" என்பார். கேட்டுக் கேட்டு லொறிக்காரர்களும் பழகிவிட்டார்கள். ஆறரையடி உயர வெள்ளைக்காரன் ஒருவன் இப்போதெல்லாம் தொப்பியைக் கழற்றிவிட்டு, அக்காவிடம் தமிழிலேயே கேட்கிறான்:

"இறக்கலாமா?"