அழித்துவிட்ட வரி

படவேட்டில், மகள் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தன்று பகலெல்லாம் ஸ்பீக்கர் அலறியது. நைட் டியூட்டி முடித்துத் தூங்கிய பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா மறுநாள் என்னோடு பேசவில்லை. அவசரத்துக்கு எனக்கு அவர்தான் துணை. பயந்துபோய், "பாட்டு சத்தமா போடுறோம், தூக்கம் கெட்டா மன்னிச்சுக்குங்க" என்று வாட்ஸ்அப்பில் எழுதி நாத்தனாரிடம் காட்டினேன்.

"இன்னா அண்ணி, இன்னும் பாட்டு ஓடுதா? 'கெட்டா'ன்னா அவங்க தூக்கம் கெட்டதையே நம்பாத மாதிரி இருக்குது" என்று சிரித்தாள். "நேத்து பாட்டு சத்தமா போட்டோம், உங்க தூக்கத்தைக் கெடுத்துட்டோம், மன்னிச்சுக்குங்க" என்று திருத்தினாள். கூடவே, "நாங்க படிக்காதவங்க" என்றும் சேர்த்தாள்.

நான் எட்டாவதோடு நின்றவள்தான். "படிச்சவங்க வூட்ல ஸ்பீக்கர் கத்தாதா?" என்று கேட்டு, அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினேன்.

"பரவால்ல. அடுத்த தபா முன்னாடியே சொல்லு, டியூட்டி மாத்திக்கிறேன்" என்று பதில் வந்தது.

இப்போது விசேஷம் என்றால் முதலில் அக்காவிடம்தான் சொல்கிறேன். தப்பு செய்தால் மன்னிப்புக் கேட்பேன். படிக்காததற்குக் கேட்க மாட்டேன்.