நான் விரித்த வெள்ளைச் சார்ட்

ஐந்தாம் வகுப்பையே இரண்டு வருஷம் ரசித்துப் படித்தவன் நான். டெல்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியின் அறிவியல் கூடத்தில் உதவியாளன். அன்று அறிவியல் டீச்சரின் பாடத்தைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். அவருக்குப் பிடித்தால்தான் டீச்சரின் ஒப்பந்தம் நீளும்.

வெளிறிய மரங்கள் தொழிற்சாலைப் புகையில் கறுத்தபோது, பறவைகளின் கண்ணுக்குத் தப்பிய கறுப்பு அந்துப்பூச்சிகள் பெருகின. அதைக் காட்ட, கறுப்புச் சார்ட் விரித்து, கறுப்பிலும் வெள்ளையிலும் இருபது இருபது காகிதப் பூச்சிகளைத் தூவச் சொல்லியிருந்தார் டீச்சர். பெரிய மனிதர் வருகிறாரே என்று நான் பளிச்சென்று வெள்ளைச் சார்ட்டை விரித்துவிட்டேன்.

பறவைகளாக நின்ற பிள்ளைகள் பத்து நொடி பொறுக்கினார்கள். மிஞ்சியவை பெரும்பாலும் வெள்ளை. கரும்பலகையிலோ கறுப்பு பிழைக்கும் என்று எழுதியிருந்தது.

"என்ன மேடம், உல்டாவா இருக்கு?" என்றார் அதிகாரி.

டீச்சர் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன். காக்கிச் சட்டையோடு மர அலமாரியில் ஒட்டி நின்றேன். தொப்பை மட்டும் ஒளிய மறுத்தது.

"அண்ணா, கறுப்பு சார்ட், ஜல்தி" என்றார் டீச்சர்.

விரித்து, அதே நாற்பதையும் தூவினேன். பிள்ளைகள் மறுபடி பொறுக்கினார்கள். இம்முறை வெள்ளை காலி.

"பூச்சி கலர் மாறல சார்," என்றாள் ஒரு மாணவி. "மரந்தான் மாறிச்சு. தப்பிச்சது முட்டை போடும், அதோட கலர்தான் குஞ்சுக்கும் வரும்."

"ரெண்டு மரத்தையும் காட்டுனது நல்லாருக்கு. யாரோட யோசனை?" என்றார் அதிகாரி.

டீச்சர் அலமாரியைக் காட்டினார். "அங்க ஒளிஞ்சு நிக்கிறாரே, அவரோடது."

அவர் ஒப்பந்தம் நீண்டது. என்னைத்தான் இன்றும் சார்ட் பக்கம் விடுவதில்லை.