எழுபது எழுத்தும் ஒரு மிஸ்கோலும்

எங்கள் அலுவலகத்து அக்காவின் பெயர் ஜோசப்பின். அவருக்குத் தூக்கத்திலும் எழுபது என்ற எண்தான் வரும் என்று நான் கேலி செய்வேன். அட்டனில் எங்கள் சமூக சேவை அலுவலகத்துக்குத் தேயிலைத் தோட்டத்து ஆட்களோடு இருக்கும் தொடர்பெல்லாம் அவர் கையில் இருந்த பழைய போன்தான். தமிழில் அனுப்பும் எஸ்எம்எஸ் எழுபது எழுத்தைத் தாண்டினால் இரண்டாக உடையும். ஒரு துண்டு வரும், மற்றது மலைக்குப் பின்னால் எங்கேயாவது நின்றுவிடும். புள்ளி ஒன்று, கொம்பு ஒன்று, இடைவெளியும் ஒன்று என்று போன் கணக்குப் பார்க்கும். ‘ம்’ எழுதினால் இரண்டு போய்விடும். இந்தக் கஞ்சத்தனத்தை அக்கா பன்னிரண்டு வருடமாகப் பழகியிருந்தார். நான் றோலண்ட், வேன் சாரதி. அக்கா எழுதுவார், நான் ஆட்களை ஏற்றுவேன்.

அக்கா தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, கைக்குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளை மடுவத்தில் வேலை பார்த்து, முழங்கால் தேய்ந்த பிறகு இந்த நாற்காலிக்கு வந்தவர். ஐம்பத்திரண்டு வயது. மாடிப்படி ஏறி வந்தால் ஐந்து நிமிடம் பேசமாட்டார். அந்த ஐந்து நிமிடத்திலும் விரல் மடக்கி எழுத்து எண்ணிக்கொண்டிருப்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நாள், நேரம், இடம் மூன்றையும் முதலில் போடுவார். கடைசியில், ‘வர இதே நம்பருக்கு மிஸ்கோல்’. பதில் எழுத யாருடைய போனிலும் ரீலோட் போட்ட காசு இருக்காது. ஒருதரம் மணி அடிக்கவிட்டுக் கட் பண்ணினால் காசும் போகாது, அக்காவும் பெயருக்கு நேரே சரி போட்டுவிடுவார். மிஸ்கோல் வராதவருக்கு இடம் கிடையாது. காலி இடத்தைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னொருத்தரின் இடத்தைப் பறித்த மாதிரி என்பார்.

2012 செப்டம்பரில் கண் சத்திரசிகிச்சைக்கு எங்களுக்கு இருபது இடம் கிடைத்தது. முன்பே பரிசோதித்த இருபது பேர். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் யார் யார் வருகிறார்கள் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லவேண்டும். மிச்சமிருக்கும் இடம் உடப்புசல்லாவை என்ற ஊரின் பட்டியலுக்குப் போய்விடும்.

அந்த இருபதில் ஒருவர் ராசம்மா. வட்டகொடைக்கு மேலே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்து, கொழுந்தோடு முற்றலும் கூடைக்குள் போகிறது. வருட முடிவுக்குள் கண் தெரியாவிட்டால் வேலைப் பதிவில் பெயரை வெட்டிவிடுவேன் என்று தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு சொல்லியிருந்தார். பெயர் வெட்டினால் லயத்து அறையும் போகும். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும்.

வியாழன் காலை எங்கள் திட்ட அலுவலர் சிவராசா ஒரு புதுமையைக் கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுசன், எதையும் வேகமாகச் செய்யவேண்டும் அவருக்கு.

“அக்கா, இனி ஒவ்வொருத்தருக்கா அனுப்பத் தேவையில்லை. கொம்பியூட்டரில ஒரே அமத்து, எல்லாருக்கும் போயிடும்.”

அக்காவின் கட்டைவிரல் அன்று வீங்கியிருந்தது. சந்தோசமாகவே எழுதிக் கொடுத்தார்: ‘கண்: 12 புதன் காலை 6 வட்டகொடை ஸ்டேசன். வர இதே நம்பருக்கு மிஸ்கோல்’. எண்ணிப் பார்த்தார், அறுபத்தைந்து. ஒன்பது மணிக்கு இருபதும் போனது.

வழக்கமாக ஒரு மணி நேரத்தில் பாதிப் பேர் அடித்துவிடுவார்கள். அன்று மாலை ஐந்து வரை போன் வாயைத் திறக்கவில்லை. அக்கா அதை இரண்டு தடவை நிறுத்திப் போட்டுப் பார்த்தார்.

“பயந்துட்டாங்க போல றோலண்டு. கண்ணுல கத்தி வைக்கிறதுன்னா யாருக்குத்தான் பயம் இருக்காது,” என்றார். குரலில் ஒரே அலுப்பு.

வெள்ளி காலை சிவராசா, “ஒருத்தரும் கூப்பிடேல்லையே அக்கா. விருப்பமில்லை போல. உடப்புசல்லாவைக்குக் குடுத்துவிடுவம்,” என்றார்.

“என் போனுக்கும் அதை ஒருக்கா அனுப்புங்க சார்.”

வந்தது. அனுப்பியவர் இடத்தில் எங்கள் அலுவலகத்தின் பெயர் மட்டும் இருந்தது. நம்பரே இல்லை. கொம்பியூட்டர் வழியாகப் போனால் பெயர்தான் விழும், அதற்குத் திருப்பி அடிக்க முடியாது. அக்கா பச்சைப் பொத்தானை அமுக்கினார். ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இல்லாத நம்பருக்கு இருபது பேரை மிஸ்கோல் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம்.

அக்கா பேனையை எடுத்துத் திரும்ப எண்ணினார். ‘இதே நம்பருக்கு’ என்பதற்குப் பதினான்கு. பத்து இலக்க நம்பரை அப்படியே போட்டிருந்தால் பத்துதான்.

“நாலு எழுத்து மிச்சமாயிருக்கும். பழக்க தோசம், புத்தியை மழுங்கடிச்சிருச்சு,” என்றார்.

புதிதாக எழுதினார்: ‘கண்: 12 புதன் காலை 6 வட்டகொடை ஸ்டேசன். மிஸ்கோல்’, பிறகு தன் நம்பர், பிறகு ‘இன்று 12க்குள்’. எழுபத்துமூன்று வந்தது. மூன்று இடைவெளியை எடுத்தார், சரியாக எழுபது. வீங்கிய விரலால் இருபது பேருக்கும் தன் போனிலிருந்தே ஒவ்வொன்றாக அனுப்பி முடிக்கப் பத்தரை. ஆட்களோ மலையில். போன் லயத்திலோ, மருமகனின் சட்டைப்பையிலோ. இருந்தும் அக்காவின் போன் அடிக்க ஆரம்பித்தது. பதினொன்றரைக்கு ஒன்பது. பன்னிரண்டுக்குப் பதினான்கு. மிஸ்கோல் வராதவர்களுக்கு அக்காவே அடித்துப் பார்த்தார். ராசம்மாவின் நம்பர் சிக்னல் இல்லை என்றது. மூன்று தடவையும் அதே பதில்.

பட்டியல் பதினான்கோடு போனது. ஆறு இடம் உடப்புசல்லாவைக்கு.

புதன் காலை ஆறு மணி. வட்டகொடை ஸ்டேசனில் பனி கலையவில்லை. பதினான்கு பேரையும் பெயர் கூப்பிட்டு ஏற்றினோம். பதினைந்தாவதாக ஒருவர் பையோடு நின்றார். துவைத்த சேலை, தலையில் எண்ணெய். ராசம்மா.

“என் பேரைக் கூப்பிடலையேங்க,” என்றார்.

“உங்க மிஸ்கோல் வரலையேம்மா,” என்றார் அக்கா.

“வியாழக்கிழமையே மருமகன் குடுத்தாரேங்க. என் முன்னாலதான் அமுக்கினாரு. டொய்ங்குன்னு கட்டாச்சு. மறுபடி வெள்ளிக்கிழமையும் அதே மெசேஜ் ராத்திரிதான் வந்து விழுந்துச்சு. அதான் குடுத்தாச்சேன்னு விட்டுட்டாரு.”

மிஸ்கோல் என்றால் கட் ஆகத்தானே செய்யும். போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்? எனக்குச் சிவராசா மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அக்கா ராசம்மாவை வேனில் ஏற்றினார். பன்னிரண்டு வருடத்தில் பட்டியலில் இல்லாத ஒருவரை அவர் ஏற்றியது அன்றுதான். வழியெல்லாம் யாராவது ஒருவர் வராமல் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தார். அது பாவம் என்றும் அவரே சொன்னார். ஆஸ்பத்திரியில் உடப்புசல்லாவை ஆட்கள் ஆறு பேரும் எங்களுக்கு முன்னாலேயே வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் அம்மாவிடம் அக்கா தெரிந்த சிங்களத்தில் கெஞ்சிப் பார்த்தார். அடுத்த திகதி டிசம்பர் கடைசி, அதுவும் இடம் இருந்தால், என்றார் அவர். பாவம், அவர் என்ன செய்வார்.

பகல் முழுவதும் அக்காவும் ராசம்மாவும் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். தப்பு தன்னுடையது என்று அக்கா சொன்னார். எந்த இடத்தில் தப்பு என்றும் விளக்கினார். ராசம்மாவுக்குப் புரிந்ததா தெரியவில்லை. “சரிங்க, சரிங்க” என்றார்.

திரும்பும்போது பதினான்கு பேருக்கும் ஒரு கண்ணில் கட்டு. ராசம்மா மட்டும் காலையில் வந்தபடியே இருந்தார். வட்டகொடையில் இறங்கும்போது வேன் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“டிசம்பருக்கும் மிஸ்கோல் குடுத்தாப் போதுமாங்க? இந்தத் தடவை ரெண்டு தரம் குடுக்கச் சொல்றேன்.”

அக்கா கொப்பியைத் திறந்து புதுப் பக்கத்தில் முதல் பெயராக ராசம்மா என்று எழுதி, நேரே சரி போட்டார்.

“வேணாம்மா. உங்க மிஸ்கோல் வந்துருச்சு.”

ராசம்மா பையை இடுக்கிக்கொண்டு, காலால் படியைத் தடவித் தடவி மேலே ஏறினார்.